450 எடுத்தவள் பின்னே, 435 எடுத்தவன் முன்னே

பள்ளியின் பெற்றோர் குழுவில் நான் மாட்டிக்கொண்டதே தமிழ் எழுதத் தெரியும் என்பதால்தான். வரும் கல்வியாண்டிலிருந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ரிப்போர்ட் கார்டில் மார்க் வராது, கிரேடு மட்டும்தான். அதை விளக்கி, பெற்றோர் சார்பில் மற்ற பெற்றோருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். இந்தியையும் ஆங்கிலத்தையும் வேறு இருவர் எடுத்துக்கொண்டார்கள். டெல்லி மயூர் விஹார் பக்கம் இருக்கும் நம் தமிழ் வீடுகளுக்கு, அதிலும் அப்பா அம்மா ஆபீஸ் போனபின் டைரியில் கையெழுத்துப் போடும் தாத்தா பாட்டிகளுக்கு, தமிழில் எழுதுவது என் தலையில் விழுந்தது.

மாதிரிக்கு வந்த வரைவில் "மதிப்பெண் முறை ஒழிகிறது" என்று முதல் வரி. அதை அடித்துவிட்டேன். மார்க் எங்கேயும் ஒழியவில்லை. டீச்சர் முன்போலவே விடைத்தாளைத் திருத்தி நூற்றுக்கு இத்தனை என்று போடுவார். அந்த எண் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது மட்டும் கார்டில் ஏறும். 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, 71 முதல் 80 வரை பி1, இப்படியே இறங்கி, 33க்குக் கீழே போனால் ஈ. 2009இல் சி.பி.எஸ்.இ. தொடர் மதிப்பீடு என்று கொண்டுவந்தபோது இருந்த கட்டங்கள்தான் ஏறக்குறைய. அப்போது பிள்ளைகளைப் பத்தாவது படிக்க வைத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இதுவரை எனக்குச் சண்டை இல்லை. 94க்கும் 96க்கும் நடுவே வீட்டில் நடக்கும் பஞ்சாயத்து நின்றால் நல்லதுதான். வரைவின் கடைசிப் பத்தியில்தான் நின்றுவிட்டேன். ஏ1க்கு 10 புள்ளி, ஏ2க்கு 9, பி1க்கு 8 என்று கொடுத்து, ஐந்து பாடங்களின் சராசரியைக் கார்டின் அடியில் போடுவார்களாம். சதவீதம் வேண்டுமானால் அதை 9.5ஆல் பெருக்கிக்கொள்ளலாமாம். இந்த 9.5உம் அந்தக் காலத்துச் சரக்குதான்.

ராத்திரி சாப்பிட்டு முடித்து, மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் ஐந்து பாடத்திலும் 90 வாங்குகிறாள் என்று வையுங்கள். மொத்தம் 450. ஐந்தும் ஏ2, சராசரி 9. ஒரு பையன் மூன்று பாடத்தில் 91, இரண்டில் 81. மொத்தம் 435. மூன்று ஏ1, இரண்டு ஏ2, ஆகவே 48 புள்ளி, சராசரி 9.6. இப்போது 9.5ஆல் பெருக்குங்கள். நிஜத்தில் 90 சதவீதம் எடுத்தவளுக்கு 85.5, 87 சதவீதம் எடுத்தவனுக்கு 91.2. பதினைந்து மார்க் அதிகம் வாங்கியவள் பின்னால் நிற்கிறாள்! கூட்டலில் தப்பு செய்துவிட்டேனோ என்று என் மகளை விட்டு இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதே விடைதான்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. 81ஐயும் 90ஐயும் ஒன்றாகப் பார்ப்போம் என்று நாமே முடிவு செய்து அந்த வித்தியாசத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம். போட்டதை அப்புறம் பெருக்கி மீட்க முடியாது. கட்டத்தின் விளிம்பில் யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதுதான் அந்தச் சராசரியில் பெரிதாகத் தெரியும். கிரேடு போடுகிறீர்களா, போடுங்கள், ஆனால் பாடத்துக்குப் பாடம் எழுத்தோடு நிறுத்துங்கள் என்று கேட்டோம். கணக்கு டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சராசரி வரியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் சேர்க்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமா, பேரனுக்கு வரப்போகும் ஏ2வைப் பன்னிரண்டாவது முடித்த பேத்தியின் ஏ2வோடு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டும் வேறு. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் கட்டம் நிலையானது இல்லை. அந்தப் பாடத்தில் பாஸானவர்களை மார்க் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த பங்குக்கு ஏ2 என்று போகும். ஒரு பாடத்தில் 88க்கு ஏ1 கிடைத்து, இன்னொன்றில் அதே 88க்கு பி1 வரவும் கூடும். பக்கத்திலேயே மார்க்கும் அச்சாகியிருப்பதால் அங்கே குழப்பம் குறைவு.

எங்கள் கார்டில் மார்க் இல்லாததால் வேறு ஒரு நஷ்டம் உண்டு. ஜூலையில் 82 வாங்கிய பிள்ளை டிசம்பரில் 89க்கு வந்தாலும் கார்டில் ஏ2, ஏ2 என்றுதான் இருக்கும். அதனால் திருத்திய விடைத்தாள்களை ஒவ்வொரு தேர்வுக்கும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம். ஒப்புக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டு இரண்டு நாளில் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கடிதம் திங்கட்கிழமை போகிறது. ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. 90.5 வந்தால் மேலே ஏற்றுவார்களா, கீழே தள்ளுவார்களா? மூன்று தடவை கேட்டாயிற்று.