அசிர் நெர்ஃப்: பேட்ச் நோட்ஸ் பொய் சொல்லவில்லை

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கணினி விளையாட்டில் சாம்பியன் எனப்படும் கதாபாத்திரங்களில் ஒருவன் அசிர். அவன் பலத்தைக் குறைத்து நெர்ஃப் செய்து, மாற்றங்களை விளக்கும் பேட்ச் நோட்ஸ் வெளியாகும்போது இப்படி ஒரு புகார் வரும்:

“லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல அசிரோட வெற்றி விகிதமே 50-க்குக் கீழ. அவனைப் போய் நெர்ஃப் பண்றாங்க. பேட்ச் நோட்ஸ்ல சொல்ற காரணமெல்லாம் பூசி மெழுகல்.”

விகிதம் பெரும்பாலும் சரிதான். நானும் அசிர் ஆடித் தோற்பவன். ஆனால் முடிவு தவறு. விளையாட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட விதிப்படி சாதாரணம், திறமையானவர், உச்சநிலை, தொழில்முறை என ஆட்டக்காரர்களில் நான்கு அடுக்குகள். ஏதாவது ஓர் அடுக்கில் பலம் எல்லை மீறினாலே ஒரு சாம்பியனைக் குறைப்பார்கள். ‘பலவீனம்’ என்று முத்திரை விழ நான்கிலும் கீழே கிடக்க வேண்டும்.

அசிரின் மணல் வீரர்கள் தூரத்திலிருந்தே குத்துவார்கள், அவனது பெருந்திறனான அல்ட்டி எதிரணியைப் பின்னால் தள்ளிவிடும். ஐந்து பேரும் பேசிக்கொண்டு ஆடும் தொழில்முறை அணிக்கு இது வரம். நம்மைப் போலத் தனியாக வருபவருக்குப் பாதி வீண். அப்படிப்பட்ட நெர்ஃப் வரும்போது, எண்களுக்கு மேலே உள்ள பத்தியில் தொழில்முறை ஆட்டம்தான் காரணம் என்று நோட்ஸ் வெளிப்படையாகவே சொல்லும். பலர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பத்தியைத் தாண்டிவிடுகிறார்கள்.

“புரோக்களுக்காக, அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக மட்டுமே மாற்றுகிறார்கள்” என்று சிலர் சொல்வது பாதி சரி. சில சமயம் புரோக்கள் நம்பும் பலத்தைக் குறைத்து, நமக்கு உதவும் வேறொன்றைக் கூட்டுவதும் உண்டு.

சரி, ஒரு குறை எனக்கும் உண்டு: எந்த அடுக்கில் எவ்வளவு மீறியது என்ற எண்ணை நோட்ஸில் பெரும்பாலும் போடுவதில்லை.