"மாதிரி அளவு சிறியது" என்று எழுதிவிட்டால் போதுமா?

ஆய்வேட்டு வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லி மாணவர்கள் அனுப்பும்போது, முதலில் ஆய்வுச்சுருக்கத்தைப் படிப்பேன். அப்புறம் நேராகக் கடைசிக்குப் போய் "ஆய்வின் வரம்புகள்" என்ற பகுதியைப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே மூன்று வாக்கியங்கள் இருக்கும். மாதிரி அளவு சிறியது. ஆய்வு ஒரே இடத்தில் நடத்தப்பட்டது. வருங்காலத்தில் விரிவான ஆய்வுகள் தேவை.

இந்த மூன்று வாக்கியங்களையும் அப்படியே வெட்டி வேறொருவருடைய ஆய்வேட்டில் ஒட்டினால் அங்கேயும் பொருந்தும். மண்ணைப் பற்றிய ஆய்வு, மனநலம் பற்றிய ஆய்வு, எதுவாக இருந்தாலும் பொருந்தும். எல்லா ஆய்வுக்கும் பொருந்துகிற குறை இந்த ஆய்வைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். படிப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தக் குறையால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, எவ்வளவு? நோய்ப்பரவலியல் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2007இல் வந்த ஸ்ட்ரோப் வழிகாட்டியும் இதைத்தான் கேட்கிறது. குறையைச் சொன்னால் போதாது, அது இழுக்கும் திசையையும் அளவையும் விவாதிக்கச் சொல்கிறது.

இதை நான் மாணவர்களுக்கு விளக்கும்போது எப்போதும் எடுத்துக்கொள்வது 1950ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை. ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. லண்டன் மருத்துவமனைகளில் இருந்த 709 நுரையீரல் புற்றுநோயாளிகளையும், அதே வயது, அதே பாலினத்தில் வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 709 பேரையும் நேர்காணல் செய்பவர்களை அனுப்பிக் கேட்டு எழுதினார்கள். ஆண்களை மட்டும் பார்த்தால் இரு பக்கமும் 649 பேர். புற்றுநோயாளிகளில் புகைபிடிக்காதவர்கள் வெறும் 2 பேர், மற்றவர்களில் 27 பேர்.

எண்ணிக்கை கையில் கிடைத்துவிட்டது. ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கேள்வி கேட்டவர்களுக்கு யார் புற்றுநோயாளி என்பது முன்கூட்டியே தெரியும். அதை மறைக்க வழியில்லை. "இவருக்கு நுரையீரலில் புற்று, கட்டாயம் நிறையப் புகைத்திருப்பார்" என்று மனதில் ஓடினால், நோயாளி தயங்கும்போது இன்னொரு முறை துருவிக் கேட்பார்கள். மற்றவரிடம் முதல் பதிலோடு விட்டுவிடுவார்கள். எண்கள் தானாகவே புகைக்கு எதிராகச் சாய்ந்துவிடும்.

இன்றைக்கு இதை எழுதும் ஒருவர் என்ன செய்வார்? "நேர்காணல் செய்தவர்களின் சாய்வு இருந்திருக்கக்கூடும்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். டாலும் ஹில்லும் நகரவில்லை. அந்த ஓட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். நேர்காணல் சமயத்தில் நுரையீரல் புற்று என்று கருதப்பட்டு, பின்னால் அது புற்றே இல்லை என்று தெரியவந்தவர்கள் சிலர் அவர்களிடம் இருந்தார்கள். கேள்வி கேட்டவருக்கு அப்போது இவர்களும் புற்றுநோயாளிகள்தான். ஆகவே கேட்டவருடைய மனச்சாய்வுதான் எண்களை உருவாக்கியது என்றால், இப்படித் தவறாகப் புற்றுநோயாளிகள் என்று கருதப்பட்டவர்களின் பதில்களும் புற்றுநோயாளிகளைப் போலவே அதிகப் புகையைக் காட்ட வேண்டும். எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய புகைப்பழக்கம் மற்ற நோயாளிகளைப் போலத்தான் இருந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். அவர்களே தங்கள் ஆய்வுக்கு எதிரான வலுவான வாதத்தைச் சொல்லி, அதை எப்படிச் சோதிக்கலாம் என்று யோசித்து, கையில் இருந்த தரவை வைத்தே சோதித்தும் காட்டுகிறார்கள். அதைப் படித்தபின் 2க்கு 27 என்ற எண் முன்பு இருந்ததைவிட உறுதியாக நிற்கிறது. ஓட்டையைச் சொல்லாமல் விட்டிருந்தால், முதல் எதிர்ப்பாளர் அதைச் சொல்லியிருப்பார், அவர்கள் பதில் தேட ஓடியிருப்பார்கள்.

சோதிக்க முடியாத குறைகளும் உண்டு, அவற்றுக்கு அடுத்த ஆய்வுதான் பதில். மாதிரி லண்டனை மட்டும் சார்ந்தது என்பதால் வேறு ஊர்களுக்கும் போனார்கள். 1951இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பி, நோய் வருவதற்கு முன்பே பழக்கத்தைப் பதிவு செய்துகொண்டு, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். நோய் வந்தபின் பழையதைக் கேட்பதில் உள்ள சிக்கல் அந்த வடிவமைப்பில் எழவே எழாது. சரியாக எழுதப்பட்ட வரம்பு அடுத்த ஆய்வின் திட்டமாகவே மாறிவிடுகிறது.

"சார், அவங்க பெரிய ஆளுங்க, நம்ம சின்ன சர்வேக்கு இதெல்லாம் எப்படி?" என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

மாணவர்களின் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வித்தாள். 400 பேருக்குக் கொடுத்தாயிற்று, 240 பேர் நிரப்பித் தந்தார்கள். அதில் 120 பேர் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறார்கள். "பாதிப் பேருக்குப் போதிய தூக்கமில்லை" என்று ஆய்வுச்சுருக்கத்தில் ஏறிவிட்டது. வரம்புகள் பகுதியில், "சிலர் பதிலளிக்கவில்லை."

சிலர் இல்லை, 160 பேர். அந்த 160 பேரும் நன்றாகத் தூங்குபவர்கள் என்றால், 400இல் 120 பேர், அதாவது 30 சதவீதம். 160 பேருமே தூங்காதவர்கள் என்றால் 280 பேர், 70 சதவீதம். உண்மை இந்த 30க்கும் 70க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இந்த ஒரு கணக்கைப் போடக் காகிதமும் பேனாவும் போதும், இரண்டு நிமிடம் ஆகும். போட்டவுடனே "பாதிப் பேர்" என்று அவ்வளவு தைரியமாகச் சொல்ல வாய் வராது.

அடுத்தது திசை. தூக்கத்தைப் பற்றிய கேள்வித்தாளை யார் மெனக்கெட்டு நிரப்புவார்கள்? தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்குத்தான் சொல்ல ஏதாவது இருக்கும். எனவே நம் எண் மேல்பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இது ஊகம்தான், ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம். அந்த 160 பேரில் 40 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒரே ஒரு கேள்வியை மட்டும் போனில் கேட்கலாம். 40 பேரும் பதில் சொல்லி, அதில் 12 பேர் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு என்றால், அது 30 சதவீதம். 160 பேருக்கு விரித்தால் 48. முன்பிருந்த 120உடன் கூட்டினால் 168. நானூறில் 42 சதவீதம்.

இப்போது வரம்பு இப்படி ஆகும்: "160 பேர் பதிலளிக்கவில்லை. அவர்களில் 40 பேரைப் பின்னர் கேட்டதில் 30 சதவீதத்தினரே குறைவாகத் தூங்கினர். ஆகவே எங்கள் 50 சதவீதம் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம். இதைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 42 சதவீதம் வருகிறது. பின்னர் கேட்டது 40 பேரை மட்டுமே என்பதால் இந்தத் திருத்தமும் தோராயமானது." ஆய்வுச்சுருக்கத்தில் "பாதிப் பேர்" போய் "பத்தில் நான்கு பேர்" என்று மாறும். எண் சிறியதாகிவிட்டதே என்று அந்த மாணவிக்கு முதலில் வருத்தம். ஆனால் 50க்கு அவரால் பொறுப்பேற்க முடியாது. 42 எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் அவரால் எழுந்து நின்று சொல்ல முடியும்.

"நாமே குறையைச் சொன்னா ரிவ்யூவர் அதையே பிடிச்சு ரிஜெக்ட் பண்ணிட மாட்டாரா?" இந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் முதல் கட்டுரையில் ஒரு குழுவுக்குக் காலையிலும் இன்னொரு குழுவுக்குப் பிற்பகலிலும் அளவெடுத்திருந்தோம். கருவி கிடைத்த நேரம் அப்படி. அந்த அளவு நேரத்தைப் பொறுத்து மாறக்கூடியது என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டுவிட்டேன். இணைப்பில் கொடுத்திருந்த அட்டவணையில் நேரம் பதிவாகியிருந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் கேட்ட கேள்வி ஒன்றில்லை, ஒன்பது. மற்ற எட்டும் நான் ஒழுங்காகச் செய்திருந்தவற்றைப் பற்றியவை. மறைத்தது ஒன்றுதான், சந்தேகம் கட்டுரை முழுக்கப் பரவிவிட்டது. காலையும் பிற்பகலும் அளவெடுத்த சிலரின் தரவு என்னிடமே இருந்தது. அதை ஒப்பிட்டு வேறுபாடு எவ்வளவு என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் போதும். அதைத்தான் கடைசியில் எழுதினேன், ஆனால் கேட்ட பிறகு எழுதினேன். அந்த வித்தியாசம் இன்னும் உறுத்துகிறது.

அதற்காக, ஒப்புக்கொண்டால் எந்தக் குறையும் கழுவப்பட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் ஒரு பயிற்சியின் பலனை அளந்துவிட்டு, "ஒப்பீட்டுக் குழு இல்லாதது இந்த ஆய்வின் வரம்பு" என்று எழுதினால், அந்த முடிவு அங்கேயே விழுந்துவிட்டது. அதை வரம்பு என்று அழைப்பது தவறு. இதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது இன்னொன்று. தலைப்பில் "அ வினால் ஆ குறைகிறது" என்று இருக்கும். இருபது பக்கம் தள்ளி, "ஒரே சமயத்தில் எடுத்த தரவு என்பதால் காரண உறவைச் சொல்ல இயலாது" என்று இருக்கும். சொல்ல இயலாது என்றால் தலைப்பில் எப்படிச் சொன்னீர்கள்? பலரும் ஆய்வுச்சுருக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த ஒப்புதல் வரவே வராது. வரம்பு உண்மையானது என்றால் அது மேலே ஏறி வந்து தலைப்பைத் திருத்த வேண்டும், "குறைகிறது" என்பதை "தொடர்புடையது" என்று மாற்ற வேண்டும்.

அந்த மாணவி போன வாரம் புதிய வரைவை அனுப்பியிருந்தார். வழக்கம்போலக் கடைசிக்குப் போனேன். மூன்று வாக்கியங்கள் இருந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம். "மாதிரி அளவு சிறியது" என்ற வரியைக் காணோம். அதற்குப் பதிலாக, யாரெல்லாம் பதில் தரவில்லை, எந்த வகுப்பினர் அதில் அதிகம், அதனால் எந்த எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒரே ஒரு திருத்தம் குறித்து அனுப்பினேன்: பத்தி இரண்டில் இருக்கும் அந்த எண்ணை ஆய்வுச்சுருக்கத்துக்கும் கொண்டு போங்கள்.