ஒரே வீட்டுக்குள் ஓர் எபிசோட்

எங்கள் வெப் சீரிஸின் ஐந்தாவது எபிசோடை பாளையங்கோட்டையில் ஒரே வீட்டுக்குள் எடுத்து முடித்துவிட்டோம். குறுக்குத்துறை படித்துறை, தென்காசி ரோடு என்று முதல் நான்கு எபிசோடுக்குச் சுற்றியதிலேயே கைப்பணம் கரைந்துவிட்டது. அதனால்தான் இதை 'பாட்டில் எபிசோட்' ஆக எழுதினேன். இருக்கிற செட், இருக்கிற நடிகர்கள், அவ்வளவுதான்.

வீட்டு வாடகை மிச்சமாவதுதான் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிச்சமாவது நேரம். லொக்கேஷன் மாறினால் லைட்டையும் ஜெனரேட்டரையும் வண்டியில் ஏற்றி இறக்கி, மறுபடி லைட்டிங் செய்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஒரே வீடு என்றால் முதல் நாள் வைத்த லைட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, இரவுக் காட்சியைக் காலை பதினொரு மணிக்கு எடுத்தோம். தினம் நான்கு பக்கம் எடுத்தவர்கள் ஏழு பக்கம் எடுத்தோம். ஆனால் இதற்கென்று புது செட் போட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். எங்களுக்கு அது ஏற்கெனவே கதாநாயகியின் வீடு.

'பிரேக்கிங் பேட்' தொடரில் 2010இல் வந்த 'ஃப்ளை' எபிசோடும் பட்ஜெட் மீறியதால் பிறந்ததுதான். போதைப்பொருள் தயாரிக்கும் வால்டரும் ஜெஸ்ஸியும் தங்கள் லேபுக்குள் ஒரு ஈயைத் துரத்துகிறார்கள். தூக்க மாத்திரை மயக்கத்தில் வால்டர், ஜெஸ்ஸியின் காதலி ஜேனைக் காப்பாற்றாமல் சாகவிட்ட இரவைப் பற்றிச் சொல்லிவிடும் விளிம்புவரை வந்துவிடுகிறார். வேறு இடத்துக்கு வெட்டிப் போகும் வசதி இருந்திருந்தால் அந்த விளிம்பில் நம்மை இவ்வளவு நேரம் நிறுத்தியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு இது பிடிப்பது அதனால்தான். சண்டை முற்றும்போது அடுத்த சீனுக்கு ஓட வழியில்லை, பேசித்தான் ஆக வேண்டும்.

என் கதையில் அண்ணனும் தங்கையும் செத்துப்போன அம்மாவின் பாத்திரங்களைப் பங்கு பிரிக்கிறார்கள். முதல் டிராஃப்டில் நான்கு போன் கால் வைத்திருந்தேன். ஒத்திகையில் அண்ணனாக நடித்தவர், "இவ்வளவு கோபம் வருதே, நான் ஏன் கதவைத் திறந்து போகல?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. ஒவ்வொரு போனும் நான் திறந்து வைத்த ஜன்னல் என்பது அப்போதுதான் புரிந்தது. நான்கையும் தூக்கிவிட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்து இரவில் கதையை வைத்தேன். தாமிரபரணித் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது, கரண்டும் இல்லை. தண்ணீரைக் காட்டவே இல்லை. மழைச் சத்தம், வாசற்படியில் ஈரச் சாக்கு, ஒரு மெழுகுவர்த்தி.

அப்புறம் எழுத்து தானாக வந்தது. "இந்தச் செம்புக் குடத்தை நான் எடுத்துக்கிடுதேன்ணே" என்கிறாள் தங்கை. அண்ணன் பதில் சொல்லாமல் குடத்தைத் திருப்பி, அடியில் பொறித்திருக்கும் பெயரை மெழுகுவர்த்தியில் காட்டுகிறான். அது அம்மாவின் பெயர் இல்லை. அங்கிருந்து பதினேழு நிமிடம், கேமரா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.