அந்த ஒருமை, ஒருமையே இல்லை

அரபு படிக்கத் தொடங்கியபோது நான் முதலில் வாங்கிய சிவப்பு மைக் கோடு இதற்காகத்தான். "பையன்கள் உட்கார்ந்தார்கள்" என்பதை வினையை முன்னால் வைத்து எழுதச் சொன்னார்கள். "ஜலஸூ அல்-அவ்லாது" என்று எழுதினேன். ஜலஸ என்றால் உட்கார்ந்தான், ஜலஸூ என்றால் உட்கார்ந்தார்கள், அவ்லாது என்றால் பையன்கள். தப்பு எங்கே? "வினை முன்னால் வந்தால் ஒருமை, ஜலஸ என்று போடு" என்றார் ஆசிரியர். ஏன் என்று கேட்டேன். "விதி அப்படி."

தமிழ்க் காதுக்கு இது உறுத்தும். "உட்கார்ந்தார்கள் பையன்கள்" என்று திருப்பிப் போட்டாலும் நமக்கு '-ஆர்கள்' போகாது. பையன்கள் முன்னால் வந்தால் அரபும் நம் வழிக்கு வந்துவிடுகிறது: "அல்-அவ்லாது ஜலஸூ". இடம் மாறினால் எண் ஏன் மாற வேண்டும்?

என் கருத்து இதுதான். "வினை ஒருமையில் வரும்" என்ற அந்தப் பாடப்புத்தக வரிதான் குழப்பத்துக்கே காரணம். பழைய அரபு இலக்கணக்காரர்கள் பார்த்த விதமே வேறு. நமக்கு '-ஆர்கள்' ஒரு விகுதி. எழுவாய் யார் என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். அவர்களுக்கு ஜலஸூவில் உள்ள 'ஊ' அடையாளம் இல்லை, அதுவே எழுவாய். வினையோடு ஒட்டிக்கொண்ட 'அவர்கள்'. செய்பவரை அவர்கள் 'ஃபாஇல்' என்பார்கள். ஒரு வினைக்கு ஒரு ஃபாஇல்தான். 'ஊ' அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் 'அல்-அவ்லாது'க்கு இடமில்லை. ஆகவே பையன்கள் பின்னால் வரும்போது 'ஊ' எழுந்து போகிறது. மிஞ்சுவது ஒருமை இல்லை, காலியான வினை. அது 'உட்கார்ந்தான்' மாதிரித் தெரிவது உருவ ஒற்றுமையால்தான்.

அப்படியென்றால் "அல்-அவ்லாது ஜலஸூ"வில் மட்டும் இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன? அங்கே பையன்கள் ஃபாஇல் இல்லை. "பையன்கள் இருக்கிறார்களே, அவர்கள் உட்கார்ந்தார்கள்" என்கிற மாதிரி அமைப்பு அது. முன்னால் நிற்பது பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள், பெயர் 'முப்ததா'. பின்னால் வருவது தனக்கென்று ஒரு எழுவாயோடு முழு வாக்கியம்.

சரி, இது வெறும் சமாளிப்பு இல்லை என்பதற்கு என்ன சாட்சி? பெண்களை உட்கார வையுங்கள். "ஜலஸதில் பனாத்து", சிறுமிகள் உட்கார்ந்தார்கள். பன்மை இல்லை, ஆனால் பெண்பாலைக் காட்டும் 'த்' மட்டும் நிற்கிறது. இது எழுவாய் இல்லை, நம் விகுதி மாதிரி வெறும் அடையாளம். அதனால் நாற்காலியைப் பிடிக்காது. இப்போது இரண்டு சிறுமிகளை முன்னால் வையுங்கள்: "அல்-பின்தானி ஜலஸதா". ஜலஸ, அப்புறம் பெண்பால் 'த்', அப்புறம் 'அவர்கள் இருவர்' என்னும் 'ஆ'. அடையாளமும் எழுவாயும் ஒரே சொல்லில் பக்கத்தில் பக்கத்தில். அவர்களையே வினைக்குப் பின்னால் தள்ளினால் 'ஆ' மட்டும் கழன்றுவிடும், 'த்' அசையாது.

எனக்கு இன்னும் பிடித்த சாட்சி, "மா ஜலஸ இல்லா அன". 'என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை.' எழுவாய் 'நான்'. வினையோ தன்மைக்கு மாறவே இல்லை. எழுவாய் வெளியே தனியாக நிற்பதால் வினை காலியாகவே கிடக்கிறது.

ஓதுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் கையிலேயே இருக்கிறது. குர்ஆனின் 63ஆம் அத்தியாயம் "இதா ஜாஅகல் முனாஃபிகூன காலூ" என்று தொடங்கும். நயவஞ்சகர்கள் உம்மிடம் வந்தால் சொல்வார்கள். வந்தது 'ஜாஅ', பன்மை இல்லை, ஏனென்றால் வந்தவர்கள் அடுத்த சொல்லில் இருக்கிறார்கள். சொன்னது 'காலூ', பன்மை. அதற்குப் பிறகு ஆளின் பெயர் வரவில்லை, 'ஊ'தான் ஆள்.

எல்லா அரபியரும் இப்படித்தான் பேசினார்கள் என்றும் இல்லை. 8ஆம் நூற்றாண்டு அரபு இலக்கணக்காரர் சீபவைஹி (அவர் பாரசீகர், பஸ்ராவில் படித்தவர்) தன் 'கிதாப்' நூலிலேயே எழுதுகிறார்: அரபியரில் சிலர் "ளரபூனீ கவ்முக", 'உன் கூட்டத்தார் என்னை அடித்தார்கள்', என்று வினையை முன்னால் வைத்தும் பன்மையில் சொல்கிறார்கள். அவர்களைத் தப்பு என்று தள்ளிவிடவில்லை. பெண்பாலுக்கு 'த்' இருப்பது போல, பன்மைக்கும் ஓர் அடையாளம் வைக்க நினைத்தார்கள் போலும், ஆனால் இது குறைவு என்கிறார். அதாவது அவர்கள் வாயில் 'ஊ' விகுதியாகிவிட்டது. நம் '-ஆர்கள்' மாதிரி.

இந்த வழக்குக்கு இலக்கணக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் "அகலூனில் பராகீத்". 'என்னைத் தின்றார்கள் தெள்ளுப்பூச்சிகள்.' பூச்சிக்குப் போய் மனிதப் பன்மை! இன்றைய பேச்சு அரபு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். ஆட்கள் என்றால் வினை முன்னால் வந்தாலும் பன்மை சாதாரணம். என் சிவப்பு மைக் கோட்டை வீட்டில் அரபு பேசும் ஒரு சக ஊழியரிடம் காட்டினேன். தாளைப் பார்த்துவிட்டு, "நாங்கள் இப்படித்தானே பேசுகிறோம்?" என்றார்.