நடைமுறைக்கு வராத சட்டம் மாநிலத்தின் கையைக் கட்டிய கதை

களியக்காவிளைப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தி, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடக்கும் ஒரு குறியில், அதாவது சீட்டில், சேர்ந்திருக்கிறார். மாதத் தவணை, ஏலத் தேதி, தள்ளு போக அவர் பங்குக்கு வந்த தொகை என எல்லாமே பென்சிலில் எழுதப்பட்ட அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்தபோது, இந்தச் சீட்டு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்ற கேள்வி எனக்கு எழுந்தது. அதைத் தேடிப் போனதில், மாநில அதிகாரம் குறித்த முக்கியமான தீர்ப்பு ஒன்றில் வந்து நின்றேன்.

சீட்டு என்பது ஒப்பந்தம். ஒப்பந்தம் பொதுப்பட்டியலின் 7ஆம் இனம் என்பதால் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் அதில் சட்டம் இயற்றலாம். கேரளம் 1975இல் தனக்கென ஒரு சீட்டுச் சட்டத்தை இயற்றியது; நாடாளுமன்றம் இயற்றிய சீட்டு நிதிச் சட்டத்துக்கு 1982 ஆகஸ்ட் 19 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் மத்திய அரசு அறிவிக்கை வெளியிடும் நாளில்தான் அது ஒவ்வொரு மாநிலத்திலும் நடைமுறைக்கு வரும் என்று அச்சட்டமே சொல்லியிருந்தது. கேரளத்துக்கு அந்த அறிவிக்கை நீண்ட காலம் வரவில்லை.

இதற்கிடையே, வெளிமாநிலத்தில் பதிவு செய்துகொண்டு கேரள மக்களிடம் சீட்டு நடத்துவோரைக் கட்டுப்படுத்த, கேரளம் 2002இல் தன் சட்டத்தைத் திருத்தியது. சந்தாதாரர்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ கேரளத்தில் வசிப்பவர்களாக இருந்தால், சீட்டு நடத்துபவர் அங்கே கிளை திறந்து பதிவு செய்ய வேண்டும் என்பது அந்தத் திருத்தம். மத்தியச் சட்டம் இங்கே நடைமுறையிலேயே இல்லாதபோது எதனோடு முரண்படுகிறோம் என்று கேரளம் கேட்டது. நியாயமான கேள்வி என்றுதான் முதலில் எனக்கும் பட்டது.

மார் அப்ரேம் குறி நிறுவன வழக்கில், 2012 மே 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதற்குப் பதில் சொன்னது. பொதுப்பட்டியலில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும் என்கிற சாசனத்தின் 254ஆம் பிரிவு, சட்டம் இயற்றப்படுவதைத்தான் பேசுகிறது, நடைமுறைக்கு வருவதை அல்ல. ஆகவே முரண்பாடு 1982 ஆகஸ்ட் 19 அன்றே எழுந்துவிட்டது. சீட்டுத் தொழில் முழுவதையுமே மத்தியச் சட்டம் தன் வசம் எடுத்துக்கொண்டதால், கேரளச் சட்டம் அன்றே செல்லாததாகிவிட்டது. இருந்தாலும், அறிவிக்கை வரும்வரை அந்தப் பழைய சட்டமே கேரளத்துச் சீட்டுகளுக்குத் தொடரும், ஆனால் 1982இல் இருந்தபடியே. 2002 திருத்தம் நிற்க வேண்டுமானால் 254(2)இன்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். கேரளம் அதைப் பெறவில்லை.

சாசனத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சரியென்றே நான் ஒப்புக்கொள்கிறேன். என் மனக்குறை, அறிவிக்கை வெளியிடும் அதிகாரத்தைக் கால வரம்பின்றி மத்திய அரசிடம் விட்ட நாடாளுமன்றத்தின் மீது. தன் சட்டத்தையும் அமலுக்குக் கொண்டுவராமல், மாநிலம் தன் சட்டத்தைத் தானே திருத்தவும் வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பது, பொதுப்பட்டியலில் இருவருக்கும் பங்கு உண்டு என்பதையே வெறும் பேச்சாக்கிவிடுகிறது. ஒப்புதல் கேட்கும் வழி திறந்துதானே இருக்கிறது என்பார்கள்; அந்த ஒப்புதலும் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே கிடைக்கும். பொதுப்பட்டியலில் இயற்றப்படும் ஒவ்வொரு மத்தியச் சட்டத்திலும், அது எல்லா மாநிலங்களிலும் அமலுக்கு வந்தாக வேண்டிய கடைசி நாள் எழுதப்பட வேண்டும். அந்த நாள் தவறினால், அதுவரை மாநிலம் செய்த திருத்தங்கள் செல்லும் என்றும் அதிலேயே சொல்லப்பட வேண்டும்.