பாராவை க்ளோஸ் பண்ணுவது சரி, அது எத்தனை நாள் கிடந்தது?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு உள்தணிக்கைக்குப் போவது என் வேலை. அங்கே காணும் ஒவ்வொரு குறையையும் ரிப்போர்ட்டில் ஒரு பாராவாக எழுதுவோம். இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று, ஃபாலோ-அப் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போடும் சின்னக் கட்டம். போன முறை நிலுவை 14, முடிந்தது 6, புதிது 4, மீதி 12. அடுத்த காலாண்டில் 10, அதற்கடுத்து 8. (எண்கள் உதாரணத்துக்குத்தான்.) முதலாளி பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, குறைஞ்சிட்டு வருது" என்பார்.

அந்த 8 பாராவில் எத்தனை முதல் ரிப்போர்ட்டிலிருந்தே இருப்பவை? கட்டம் சொல்லாது. எட்டும் நேற்று வந்தவையாக இருக்கலாம், எட்டும் ஒரு வருடமாக அசையாமல் கிடப்பவையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் கட்டம் ஒன்றுதான்.

பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றால் அடுத்த சிக்கல். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பாரா எண் 1-லிருந்து தொடங்கும். ஓர் ஆலையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஜூன் ரிப்போர்ட்டில் பாரா 4: பாஸ்டரைசரில் இருக்கும் வெப்பமானிக்குக் காலிபரேஷன் சான்று இல்லை, ஜூலைக்குள் வாங்க வேண்டும். செப்டம்பரில் அதே விஷயம் பாரா 7 ஆனது. "லேபுக்கு அனுப்பியுள்ளோம்" என்று பதில், கெடு அக்டோபருக்குப் போனது. டிசம்பரில் சான்று வந்தது, க்ளோஸ். மார்ச் ரிப்போர்ட்டில் பேச்சே இல்லை. அடுத்த ஜூனில் புதிய பாரா 2: அதே பாஸ்டரைசரின் வெப்பமானி, பக்கத்தில் வைத்துப் பார்த்த மாஸ்டர் வெப்பமானியோடு ஒத்துப்போகவில்லை.

டிசம்பர் சான்றைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதிலிருந்த சீரியல் நம்பர் வேறு. ஸ்டோரில் ஸ்பேராக இருந்த வெப்பமானியை அனுப்பிச் சான்று வாங்கியிருக்கிறார்கள். மெஷினில் இருப்பது தொடப்படவே இல்லை. ரிப்போர்ட் கணக்கில் ஒரு பாரா ஆறு மாதத்தில் முடிந்தது, இன்னொன்று இன்று பிறந்தது. உண்மையில் அது ஒரே பாரா. அதற்கு வயது ஒன்று.

இதில் சீசனும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூரா மாங்காய் வரத்து இருக்கும் சில மாதங்கள்தான் மெஷின் ஓடும். டிசம்பரில் ஓடாத பாஸ்டரைசரின் முன் நின்று யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. கையில் இருப்பது காகிதம் மட்டும். அதனால் நான் "ஆவணம் வந்தது", "ஓட்டத்தில் பார்த்தது" என்று இரண்டு நிலை வைக்கச் சொல்கிறேன். இரண்டாவது முடிந்தால்தான் க்ளோஸ். "சீசன் இல்லாத மாதத்தையும் எங்கள் தலையில் கட்டுவது நியாயமா சார்?" என்று மேனேஜர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காரணத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நாள் கணக்கை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பது என் பதில். சரியாகாத வெப்பமானி அந்த மாதங்களிலும் சரியாகாமல்தானே இருக்கிறது?

செய்ய வேண்டியது பெரிய சாஃப்ட்வேர் வேலை ஒன்றும் இல்லை. எல்லா ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே எக்செல் ஷீட். ஒவ்வொரு பாராவுக்கும் மாறாத ஓர் எண், முதலில் எழுதிய தேதி, முதலில் கொடுத்த கெடு. இந்த மூன்றையும் யாரும் திருத்தக் கூடாது. கெடு தள்ளிப்போனால் அதற்குத் தனி நெடுவரிசை. பழைய பாரா திரும்ப வந்தால் பழைய எண்ணிலேயே முடித்த தேதியை அழித்துத் திறக்க வேண்டும். எப்போது மூடித் திறந்தோம் என்பதைக் குறிப்பில் எழுதிவிடலாம். C-யில் முதல் தேதி, H-ல் முடித்த தேதி, L1-ல் ரிப்போர்ட் தேதி என்று வைத்தால் வயது இதுதான்:

```
=IF(H2="",$L$1,H2)-C2
```

L1-க்குப் பதில் `TODAY()` போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். போன வருட ரிப்போர்ட்டை இன்று திறந்தால் அதில் முடியாமல் இருக்கும் பாராக்களின் வயதெல்லாம் மாறிக் கிடக்கும்.

அப்புறம் இந்த "சராசரி முடிவு நாள்". ஐந்து பாரா தலா 60 நாளில் முடிந்து, இரண்டு பாரா 400 நாளாகத் திறந்தே கிடந்தால் ரிப்போர்ட்டில் சராசரி 60 என்றே வரும், ஏனென்றால் முடியாதவை கணக்கிலேயே இல்லை. அந்த இரண்டையும் யாராவது பொறுப்பாக முடித்தால் சராசரி அன்றைக்கே 157-க்கு ஏறும். வேலை செய்தவருக்குத்தான் திட்டு விழும். இதைவிடத் திறந்திருப்பவற்றை 90 நாள் வரை, 180 வரை, 365 வரை, அதற்கு மேல் என்று பிரித்துக் காட்டலாம். அந்தக் கடைசிப் பிரிவில் இருப்பவற்றை எண்ணிக்கையாகப் போடாமல், ஒவ்வொரு பாராவையும் பொறுப்பாளர் பெயரோடும் கெடு எத்தனை முறை தள்ளிப்போனது என்பதோடும் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒத்துக்கொண்ட ஆலைகள் குறைவுதான்.