அந்த 40 நொடி வீடியோவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவன் நான்தான்

அந்த வீடியோ உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். எனக்கே ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். போன சனிக்கிழமை சந்திப்பு, 40 நொடி, மேலே ஒரே ஒரு வரி: “படித்தவர்கள் கூடினால் இப்படித்தான் இருக்கும் போல.” இடது ஓரத்தில், கழுத்து நரம்பு புடைக்க, வாயைப் பிளந்துகொண்டு யார் காதிலோ கத்துகிறானே, அது நான்தான். மறுக்கவில்லை. கீழே வந்த கருத்துகளையும் படித்தேன். “மைக்கை முழுங்கிட்டார்” என்பதுதான் அதிக விருப்பம் வாங்கியது. ரசித்தேன். நிஜமாகவே.

சரி, சிரித்தாயிற்று. இப்போது நான் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். பதினெட்டு வருடமாக ஒலி சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். அதனால் இந்த ஒரு விஷயத்திலாவது எனக்குப் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த அறையில் கத்த வேண்டும் என்று முடிவெடுத்து யாருமே கத்தவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன், இன்னும் நாலு தடவை சொல்வேன்.

சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதனுக்குத் தானாகவே குரல் ஏறும். கண்ணுக்கு நேரே தூசு வந்தால் இமை மூடுவதைப் போல. இதை முதலில் கவனித்து எழுதியவர் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர், காது மூக்கு தொண்டை நிபுணர். 1911-இல் அவருடைய கட்டுரை வந்தது. அவர் பெயரால்தான் இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். அவர் இதை எதற்குப் பயன்படுத்தினார் தெரியுமா? காது கேட்கவில்லை என்று நடிப்பவர்களைப் பிடிக்க. ஆளை எதையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, நடுவில் காதுக்குள் இரைச்சலைக் கொடுப்பார்கள். நிஜமாகவே எதுவும் கேட்காதவருக்குக் குரல் மாறாது. நடிப்பவருக்குக் குரல் தானாக ஏறிவிடும், மாட்டிக்கொள்வார். பொய் சொல்லத் தயாராக வந்தவனாலேயே அடக்க முடியாத ஒன்றை, மாலை ஏழு மணிக்குக் கும்பலில் நிற்கிற நான் அடக்கியிருக்க வேண்டுமாம்.

சுற்றுச்சத்தம் ஏறக்குறைய 45 டெசிபலைத் தாண்டும்போதே இது ஆரம்பித்துவிடும். அமைதியான அறையில் கொஞ்சம் சலசலப்பு வந்தாலே போதும். அதற்கு மேல் சத்தம் ஒரு டெசிபல் ஏறினால், பேசுகிறவரின் குரல் சுமார் அரை டெசிபல் ஏறும். ஆளுக்கு ஆள், ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். அரை என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது சனிக்கிழமைக்கு வாருங்கள். நான் சீக்கிரமே போய்விட்டேன், எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. தொழில் புத்தி, போனில் இருக்கும் டெசிபல் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். 16 பேர் இருந்தபோது 66 காட்டியது. 32 பேர் ஆனபோது 72 பக்கம். 64 பேர் நிறைந்தபோது 78ஐத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது. போன் அளவி துல்லியமானது இல்லை, ஓரிரண்டு டெசிபல் தவறலாம். ஆனால் ஏற்றத்தைப் பாருங்கள். ஆட்கள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஆறு.

ஏன் ஆறு? நாலு பேர் நின்று பேசும் குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார். ஆக 16 பேரில் பேசுகிறவர் நாலு பேர், 32இல் எட்டு, 64இல் பதினாறு. எல்லோரும் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தால், பேசுகிறவர்கள் இரட்டிப்பாகும்போது சத்தம் மூன்று டெசிபல்தான் ஏற வேண்டும். அது வெறும் கணக்கு, நாகரிகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த மூன்று ஏறியதுமே ஒவ்வொருவர் குரலும் தானாக ஒன்றரை ஏறும். எல்லோரும் ஒன்றரை ஏற்றியதால் அறையும் ஒன்றரை ஏறும். அதற்கு இன்னொரு முக்கால். அந்த முக்காலுக்கு இன்னும் கொஞ்சம். மூன்று, ஒன்றரை, முக்கால், முக்காலில் பாதி என்று கூட்டிக்கொண்டே போனால் ஆறில் வந்து நிற்கும். பாதி பாதியாகக் குறைவதால்தான் அதுவும் நிற்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று குரலை ஏற்றும் பிறவியாக இருந்திருந்தால் தொண்டை கிழியும்வரை நின்றிருக்காது.

அதாவது 16 பேர் 64 பேர் ஆனதில், ஆட்கள் கூடியதால் வந்தது 6 டெசிபல். ஒருவர் சத்தத்துக்கு இன்னொருவர் குரல் ஏற்றியதால் வந்தது இன்னொரு 6. அந்த இரண்டாவது ஆறுக்குள் என் பங்கு மட்டும் எவ்வளவு என்று யாராவது பிரித்துக் காட்டினால், அந்த அளவுக்கு மன்னிப்புக் கேட்கத் தயார்.

இதில் ஒரு பரிதாபம் இருக்கிறது. சத்தம் 12 ஏறியபோது என் குரல் 6தான் ஏறியது. கத்தியும் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன். எதிரில் நிற்பவருக்கு என் பேச்சு முன்பைவிட மோசமாகத்தான் கேட்டிருக்கும். அதனால்தான் கூட்டம் ஏற ஏற எல்லோரும் தலையை நீட்டி, காதைக் காட்டி, ஒட்டி நிற்க ஆரம்பிக்கிறோம். ஒரு மீட்டர் தள்ளி நின்றவர் அரை மீட்டருக்கு வந்தால், எதிராளியின் வாயிலிருந்து நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடிவிடும், யாருக்கும் தொண்டை வலிக்காமல். வீடியோவில் “அடித்துக்கொள்ளப் போகிறார்கள் போல” என்று ஒருவர் கிண்டலடித்திருந்தாரே, அது இதுதான்.

“மெதுவாகப் பேச வேண்டும் என்று மனசு வைத்தால் முடியாதா?” என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள். 1989-இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே குரலை ஏற்றாமல் பேசுங்கள் என்று சொல்லிப் பார்த்தால், சொன்னதால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. தங்கள் குரலின் அளவு கண் முன்னால் காட்டப்பட்டபோதுதான் குறைக்க முடிந்தது. அடுத்த சந்திப்பில் வாசலிலேயே ஆளுக்கொரு அளவி கொடுத்து அனுப்பினால் நானும் கட்டுப்பாடோடு நடந்துகொள்கிறேன்.

“படித்தவர்களுக்குக்கூட இது தெரியாதா?” இதற்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. பெர்லினில் நைட்டிங்கேல் பறவைகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வந்தது. வாகன இரைச்சல் கூடுதலாக இருக்கும் வேலைநாள் காலைகளில், வார இறுதியைவிட அவை சத்தமாகப் பாடின. எந்தக் கல்லூரியில் கெட்டுப்போனவை என்று தெரியவில்லை.

“சில பேர் இயல்பாகவே கத்திப் பேசுவார்கள்” என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். விட்டுவிடுவோம்.

நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள்தான் வீடியோ எடுத்தீர்கள், நீங்கள்தான் அந்த வரியையும் எழுதினீர்கள். அறையையும் நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள். இரண்டு பக்கம் கண்ணாடி, வழவழ தரை, வெற்றுக் கூரை. இருந்த கனமான திரைகளையும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று சுருட்டி ஓரத்தில் கட்டிவிட்டீர்கள். ஓர் அறை சத்தத்தை உறிஞ்சும் அளவு பாதியானால், மேலே சொன்ன அதே சங்கிலி ஓடி, ஆட்கள் இரட்டிப்பானதற்குச் சமமான ஏற்றம் வந்துவிடும். 64 பேரை 128 பேர் போலக் கத்த வைக்கலாம், ஒரு கயிற்றில் திரையைக் கட்டி! நீங்கள் எவ்வளவு தூரம் போனீர்களோ எனக்குத் தெரியாது, ஆனால் போன திசை அதுதான்.

போதாக்குறைக்குப் பாட்டு. சூழல் இதமாக இருக்கட்டும் என்று முதல் ஆள் வருவதற்கு முன்பே ஸ்பீக்கரைப் போட்டீர்கள். அந்தப் பாட்டுக்கு மேலே கேட்க வேண்டும் என்று வந்த நாலு பேரும் ஆரம்பத்திலேயே குரலைத் தூக்கித்தான் பேசினார்கள். பிறகு பேச்சில் பாட்டு முங்கிப்போக, “பாட்டே கேட்கலையே” என்று அதையும் ஏற்றினீர்கள். ஆக, அந்த அறையில் முடிவெடுத்துச் சத்தத்தை ஏற்றிய ஒரே ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு மணிக்கு மைக்கில் “கொஞ்சம் அமைதி” என்றீர்கள். அறை அடங்கியது. மூன்று நிமிடத்தில் ஆப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆட்கள் அதே பேர், சுவர் அதே சுவர், பாட்டு அதே பாட்டு. வேறெங்கே போகும்?

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் டெசிபல் இல்லை. வீடியோவில் நான் யார் காதில் கத்துகிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதுதான். தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருப்பது என் அம்மா. நாலு வருடமாகக் காதுக்கருவி வைத்திருக்கிறார். கருவி பக்கத்தில் இருக்கிற பேச்சையும் பெருக்கும், அறையின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நமக்கு 78இல் தட்டுத்தடுமாறிப் புரிகிற வாக்கியம் அவருக்கு வெறும் ஓசைதான். கத்தினாலும் பெரிய பயன் இல்லை. கத்தும்போது ஆ, ஓ என்ற உயிர் ஒலிகள்தான் பெரிதாகின்றன. ‘ப’வா ‘த’வா என்று பிரித்துக் காட்டும் மெய் ஒலிகள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். தெரிந்தும் கத்தினேன். அங்கே நின்றால் நீங்களும் கத்துவீர்கள்.

அன்று மாலை முழுவதும் யார் வந்து பேசினாலும் அம்மா சிரித்துத் தலையாட்டினார். “அம்மா ரொம்ப ஜாலியான டைப்” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அங்கே எட்டுப் பேரிடம் பேசியிருப்பார், எட்டில் ஒன்றுகூட அவர் காதுக்குள் போகவில்லை.

நேற்று அந்த வீடியோவை அவரிடம் காட்டினேன், சத்தத்தை அணைத்துவிட்டு. இரண்டு தடவை பார்த்தார். “ஏன்டா இப்படிக் கத்தறே, அப்ப என்ன கேட்டே என்கிட்ட?” என்றார்.

“வீட்டுக்குக் கிளம்பலாமாம்மா” என்று கேட்டிருந்தேன். அன்று அதற்கும் சிரித்துத் தலையாட்டினார். கிளம்பச் சம்மதித்தார் என்று நினைத்து நான் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன், அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.